‘அன்னாரது’ என்று எழுதினால் எந்த டீச்சர் என்று யாருக்குத் தெரியும்?

நாளிதழில் வரும் மரண அறிவிப்புகளில் பெயரையும் படத்தையும் மட்டும் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். இறந்தது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ‘அன்னார்’ இருப்பார். ‘ஆற்றொணாத் துயரம்’ இருக்கும். ‘மணியளவில்’ இருக்கும். ‘இப்படிக்கு, துயரில் வாடும் குடும்பத்தினர்’ இருக்கும். அரிசி மண்டி வைத்திருந்தவருக்கும், முப்பத்தேழு ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியருக்கும் அதே நான்கு வரிதான். அந்த நான்கு வரியை எப்படி மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, மாற்றும்போது நம்மைப் போன்ற செயல்பாட்டாளர்கள் எங்கே அத்துமீறுகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதில் நமக்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. அச்சில் அறிவிப்பு வருவதற்கு முன் ஊரில் யார் செத்தாலும் அந்தச் செய்தியைச் சுமந்து போனவர்கள் நம் பாட்டன்கள். இழவு சொல்லுதல் என்பது சேரியின் மேல் சுமத்தப்பட்ட கட்டாய வேலைகளில் ஒன்று. பத்து மைல் தள்ளியிருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் நடந்தே போய், வாசலுக்கு வெளியே நின்று, குனிந்து சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பறை அடிப்பதும் சுடுகாட்டு வேலையும் அதோடு சேர்ந்தவை. ஊரார் சாவையெல்லாம் ஊருக்குச் சொன்ன நம் மக்களின் சாவை எழுதிவைத்தவர் யாருமில்லை. ஆகவே நம் வீட்டு ஆசிரியர் ஒருவரின் மறைவை நாமே நம் சொல்லில் அச்சில் அறிவிப்பது வெறும் சடங்கு இல்லை.

திருமுடிவாக்கத்தில் மறைந்த ஒரு தலைமையாசிரியரின் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். பழைய மாணவர்கள் சிலர் நம்மிடம் வந்ததால் அது எழுதப்பட்டபோது உடன் இருந்தோம். குடும்பத்தின் விருப்பப்படி பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் மாற்றியிருக்கிறோம்.

முதலில் எழுதியது

புதன்கிழமை அதிகாலையில் வீட்டிலேயே உயிர் பிரிந்தது. பேரன் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் அடக்கம் மறுநாள் மாலை. வியாழக்கிழமை நாளிதழில் வர வேண்டுமென்றால் புதன் மாலைக்குள் விளம்பர முகவர் கையில் வாசகம் இருக்க வேண்டும். முகவர் தன்னிடம் இருந்த ஒரு பழைய அறிவிப்பில் பெயரை மாற்றி இப்படி அனுப்பினார்:

*கண்ணீர் அஞ்சலி. திருமுடிவாக்கம் ……… காலனி, காலஞ்சென்ற திரு. ……… அவர்களின் மனைவியும், ………, ……… ஆகியோரின் பாசமிகு தாயாரும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியையுமான திருமதி ……… அம்மாள் அவர்கள் நேற்று காலை 5 மணியளவில் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆற்றொணாத் துயரத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம். அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று மாலை 4 மணியளவில் அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும். இப்படிக்கு, துயரில் வாடும் குடும்பத்தினர்.*

இதில் தப்பு என்று எதுவுமில்லை. ஒரே குறை, அந்த அம்மா இதில் இல்லை. முதலில் கணவர் வருகிறார், பிறகு பிள்ளைகள் வருகிறார்கள், அதற்குப் பிறகுதான் அவர் வருகிறார். முப்பத்தேழு ஆண்டு உழைப்பு ‘ஓய்வு பெற்ற’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. எந்தப் பள்ளி, யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல், ஊரில் அவரைப் பதிவேட்டுப் பெயரால் யாருக்கும் தெரியாது. அவர் ‘பெரிய டீச்சர்’. குன்றத்தூரிலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் குடியேறிவிட்ட பழைய மாணவர்கள் காலையில் இந்த அறிவிப்பைப் பார்த்தால், ‘யாரோ ஒரு அம்மாள்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மரண அறிவிப்பின் முதல் வேலையே தெரிந்தவர்களுக்குத் தெரிவிப்பது. அந்த வேலையையே இது செய்யவில்லை.

மாணவர்கள் எழுதியது

இதைப் பார்த்துக் கோபப்பட்ட மாணவர்கள் அரை மணி நேரத்தில் வேறொன்று எழுதினார்கள். அதில் அவர் ‘கல்விக்கண் திறந்த தெய்வம்’, ‘ஆயிரக்கணக்கான மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்றிய தீபம்’, ‘ஒடுக்கப்பட்ட மக்களின் விடிவெள்ளி’. மேலே ‘வீரவணக்கம்’, கீழே ‘ஜெய் பீம்’.

அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் இதிலும் பெயரை மறைத்துப் பாருங்கள். எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். உறவினரின் வாய்பாட்டை எடுத்துவிட்டு இயக்கத்தின் வாய்பாட்டை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

‘ஆயிரக்கணக்கான’ என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் அந்தப் பள்ளியில் இருந்தது 1974 முதல் 1999 வரை, இருபத்தைந்து ஆண்டுகள். ஆண்டுக்குப் பதினைந்து பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தால் மொத்தம் 375 பேர். முந்நூற்று எழுபத்தைந்து என்பது சின்ன எண் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கு இல்லை. ஒருவர் உண்மையாகச் செய்ததை நாம் ஊதிப் பெரிதாக்கும்போது, செய்தது போதவில்லை என்று நாமே ஒப்புக்கொள்வது போலாகிறது. எண் உறுதியாகத் தெரியாவிட்டால் எண்ணே வேண்டாம்.

‘வீரவணக்கம்’ என்ற சொல்லை மகள் மறுத்தார். “அம்மா யாரோடயும் சண்டை போட்டவங்க இல்ல, பாடம் எடுத்தவங்க” என்றார். மாணவர்களுக்கு வருத்தம். ஆனால் மகள் சொன்னதுதான் சரி.

இறப்பைக் குறிக்கும் சொல் யாருடையது?

தமிழில் செத்துப்போவதற்குச் சொல் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு முகவரி. ‘சிவலோக பதவி அடைந்தார்’ என்றால் சைவர். ‘வைகுண்ட பதவி’ என்றால் வைணவர். ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’ என்றால் கிறித்தவர். ‘இயற்கை எய்தினார்’ என்பது கடவுளை நம்பாதவர்கள் புழக்கத்தில் விட்ட சொல். அம்பேத்கரின் நினைவுநாளான டிசம்பர் 6-ஐ நாம் பரிநிர்வாண நாள் என்கிறோம். ‘இறைவனடி சேர்ந்தார்’ பொதுவான சொல் போலத் தோன்றினாலும் அதுவும் ஒரு நம்பிக்கையைச் சொல்கிறது.

இதில் எது உயர்ந்தது என்பது கேள்வி இல்லை. இறந்தவர் எதை ஏற்றிருப்பார் என்பதே கேள்வி. நாம் நாத்திகர் என்பதால் வாராவாரம் கோயிலுக்குப் போன ஒரு கிழவியை ‘இயற்கை எய்தினார்’ என்று எழுதினால், செத்த பிறகு அவர் வாயில் நம் சொல்லைத் திணிக்கிறோம். வாழ்நாள் முழுக்கச் சாமி கும்பிடாதவரை உறவினர் ‘இறைவனடி’ சேர்ப்பதும் அதே தப்புதான். அந்தத் தலைமையாசிரியருக்குச் சாமி உண்டு, ஆனால் அதைப் பேசுகிறவர் இல்லை என்றார் மகன். கடைசியில் ‘மறைந்தார்’ என்று எழுதப்பட்டது. நம்பிக்கை தெளிவாகத் தெரிந்தால் அந்த நம்பிக்கையின் சொல்லையே எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘மறைந்தார்’ அல்லது ‘காலமானார்’ போதும். யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை.

என்ன செய்தார் என்று கேளுங்கள்

‘டீச்சர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘நல்லவங்க’, ‘கண்டிப்பானவங்க’, ‘தங்கமானவங்க’ என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்து அறிவிப்பு எழுத முடியாது. ‘டீச்சர் என்ன செய்வாங்க?’ என்று கேட்க வேண்டும். அன்று மதியம் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டோம்.

ஒருவர் சொன்னார்: “பத்து மணி வரைக்கும் பாப்பாங்க. வரலைன்னா குவாரிக்கே வந்துடுவாங்க.” இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இது புரியும். சிட்கோ தொழிற்பேட்டையும் வெளிவட்டச் சாலையும் வருவதற்கு முன்பு பம்மல், திருநீர்மலை, திருசூலம் பக்கமெல்லாம் கல் உடைக்கும் வேலைதான். அப்பா அம்மாவோடு ஜல்லி உடைக்கப் போன பிள்ளையைக் கைபிடித்துத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார். இன்னொருவரும் இதையே சொன்னார். அவர் வேறு ஆண்டில் படித்தவர். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதால் எழுதலாம் என்று முடிவு செய்தோம்.

ஒரு பெண் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. “அஞ்சாவது முடிச்சதும் டீச்சரே பஸ்ல கூட்டிட்டுப் போயி பெரிய ஸ்கூல்ல சேத்து விட்டாங்க.” தொடக்கப்பள்ளி ஊரிலேயே இருக்கும். ஆறாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கி, விண்ணப்பம் எழுதி, பெரிய பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் நிற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் அந்த இடத்தில்தான் தயங்கி நிற்பார்கள். நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், படிப்பை விட்டது பெரும்பாலும் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்த அந்தப் பள்ளத்தில். ஜூன் மாதம் தோறும் பிள்ளைகளை அந்தப் பள்ளம் தாண்ட வைத்திருக்கிறார் இந்த அம்மா. அரசாணை எதுவும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ‘ஒளியேற்றிய தீபம்’ என்ற சொல் மறைத்துவைத்தது இதைத்தான்.

அடைமொழியைத் தூக்கிவிட்டு வினைச்சொல்லை வையுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அவர் ‘அழைத்துப் போனார்’, ‘சேர்த்தார்’. இந்த இரண்டு வினையும் வேறு யாருக்கும் அப்படியே பொருந்தாது.

உணர்ச்சியில் சொல்லப்படுவது எல்லாம் சரியாக இருக்காது என்பதால் ஆண்டுகளை மட்டும் காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியப் புத்தகம் வீட்டில் இருக்கும். ஓய்வு பெற்ற தேதி அதில் இருக்கும். இவருக்கு 1999. வேலையில் சேர்ந்தது 1962, இந்தப் பள்ளிக்கு வந்தது 1974. பிறந்த தேதி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் போட்ட தேதிதான் பிறந்த தேதி. அதனால் நாள், மாதமெல்லாம் போடாமல் ‘1941 – 2025’ என்று ஆண்டை மட்டும் போட்டோம்.

முகவரியும் பள்ளிப் பெயரும்

அடுத்த விவாதம் முகவரி வரியில் வந்தது. முகவர் அனுப்பிய வாசகத்தில் ‘காலனி’ என்று இருந்தது. அந்தச் சொல் இழிவின் குறியாக ஆகிவிட்டதால் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பின் தமிழ்நாட்டில் பொது வாழ்வில் பட்டம் போடுவது பெருமளவு குறைந்தது உண்மை. ஆனால் அது இன்னும் வெட்கமில்லாமல் நடமாடும் இடங்களில் ஒன்று மரண அறிவிப்பு. உயிரோடு இருந்தவரை வெறும் பெயராக இருந்தவர், செத்த மறுநாள் சாதிப் பட்டத்தோடு அச்சில் வருகிறார். அவர்களுக்குப் பட்டம் சாதியைக் காட்டுகிறது. நமக்கு முகவரி காட்டுகிறது. அவர்கள் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். நம் மேல் மற்றவர் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஆகவே ‘காலனி’யை எடுத்துவிட்டுத் தெருப் பெயரை எழுதினோம். தெருவுக்குப் பெயர் இருக்கிறதல்லவா, அது போதும்.

பள்ளிப் பெயர் இதைவிடக் கடினமான கேள்வி. அது ஆதிதிராவிடர் நலத் தொடக்கப்பள்ளி. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இத்தகைய பள்ளிகளின் பலகையில் ‘அரிசன’ என்று இருந்தது. ஓய்வு பெறும்போது ‘ஆதிதிராவிடர்’ என்று இருந்தது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம்.சி. ராஜா ஆசிரியராக இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்று அரசு எழுதுவதை நிறுத்தி ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத வேண்டும் என்று 1922 ஜனவரியில் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். மார்ச் மாதம் அரசாணை வந்தது. ஓர் ஆசிரியர் கேட்டு வாங்கிய சொல் அது. அதே சமயம், பள்ளிப் பெயர்களில் சாதியைக் குறிக்கும் முன்னொட்டுகளே கூடாது என்று 2024-இல் நீதிபதி கே. சந்துரு குழு பரிந்துரைத்திருக்கிறது. பிள்ளைகளின் நெற்றியில் சாதியை ஒட்டும் பலகை வேண்டாம் என்ற அந்த வாதமும் நம் வாதம்தான்.

அப்படியென்றால் அறிவிப்பில் என்ன எழுதுவது? மகன் ‘அரசுத் தொடக்கப்பள்ளி’ என்று போட்டால் போதும் என்றார். அவர் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டாம் என்பது அவர் நிலை. மாணவர்கள் கொதித்தார்கள். இங்கேதான் நம் தோழர்கள் நிதானிக்க வேண்டும். ஒரு குடும்பம் தன் சாதியைப் பொதுவில் சொல்வதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. அதன் விலையைக் கொடுக்கப்போவது அவர்கள், நாம் இல்லை. நம் அரசியலுக்காக யாரையும் அவர்கள் விருப்பமில்லாமல் வெளிச்சத்தில் நிறுத்துவது விடுதலை ஆகாது. நம் கருத்தைச் சொன்னோம்: அவர் வேலை செய்ததே அந்தப் பள்ளியில்தான், அதன் பெயரை மறைத்தால் அவர் வேலையையும் மறைக்க வேண்டிவரும், பழைய மாணவர்கள் அடையாளம் காண்பதும் அந்தப் பெயரை வைத்துத்தான். சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டோம். அண்ணனும் தங்கையும் உள்ளே போய்ப் பேசினார்கள். தங்கை வெளியே வந்து, “பள்ளிக்கூடப் பேரு போடுங்க. அம்மா அங்கதான் இருந்தாங்க” என்றார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ‘அரசுத் தொடக்கப்பள்ளி’ என்றே அச்சாகியிருக்கும். அதுவும் கண்ணியமான அறிவிப்பாகவே இருந்திருக்கும்.

ஊர்வலம் போகும் வழி

‘இல்லத்திலிருந்து புறப்படும்’ என்பதோடு வாய்பாடு நின்றுவிடுகிறது. எந்த வழியாக, எங்கே போகும் என்று சொல்வதில்லை. நமக்கு அந்த வழி சாதாரணமானது இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியாகப் போக விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கிற ஊர்கள் இருக்கின்றன.

திருமுடிவாக்கத்தில் அப்படி ஒரு தடை இல்லை. இருந்தும், வழியை எழுதலாம் என்ற யோசனை ஒரு முன்னாள் மாணவரிடமிருந்து வந்தது. பள்ளி வாசல் வழியாகப் போக வேண்டும் என்றார். வீட்டிலிருந்து இடுகாட்டுக்கு அது கொஞ்சம் சுற்று. ஆனாலும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அச்சில் ‘பள்ளி வாசல் வழியாக’ என்று மூன்று சொல் கூடுதலாக வந்தது. எங்கே போய்ச் சேர்ந்துகொள்வது என்று வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் தெரிந்தது.

அச்சானது

கடைசியில் கொடுத்த வாசகம் இது:

*பெரிய டீச்சர்*
*திருமதி ………*
*1941 – 2025*

*……… ஆதிதிராவிடர் நலத் தொடக்கப்பள்ளியில் 25 ஆண்டுகள் பணியாற்றி, 1999-இல் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற எங்கள் பெரிய டீச்சர் நேற்று (புதன்) அதிகாலை மறைந்தார்.*

*பள்ளிக்கு வராத பிள்ளையைக் கல்குவாரிக்கே வந்து அழைத்துப் போனார். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களைத் தாமே கூட்டிச் சென்று ஆறாம் வகுப்பில் சேர்த்தார்.*

*இன்று (வியாழன்) மாலை 4 மணிக்குத் திருமுடிவாக்கம் ……… தெரு இல்லத்திலிருந்து புறப்பட்டு, பள்ளி வாசல் வழியாக, ……… சாலை இடுகாட்டில் நல்லடக்கம்.*

*மகன் ………, மகள் ………, பேரப்பிள்ளைகள், அவரிடம் படித்தவர்கள்.*
*தொலைபேசி: ………*

கணவரின் பெயரை வேண்டுமென்றே நீக்கவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், பிள்ளைகளே வேண்டாம் என்று சொன்னார்கள். ‘அவரிடம் படித்தவர்கள்’ என்று குடும்பப் பட்டியலோடு சேர்த்தது மகளின் யோசனை. துயரில் வாடுகிறோம் என்று எங்கேயும் எழுதவில்லை. படிக்கிறவருக்கு அது தெரியும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கட்டம் கட்டிய விளம்பரத்துக்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் கட்டணம். எட்டு சென்டிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள கட்டம் என்றால் எண்பது சதுர சென்டிமீட்டர். படமும் பெயரும் போக அதில் அறுபது எழுபது சொல்தான் நிற்கும். ‘தெரிவித்துக் கொள்கிறோம் என்பதை’ வகையறாக்களை எடுத்தாலே ஆசிரியரைப் பற்றி இரண்டு வரிக்கு இடம் கிடைத்துவிடுகிறது. ஆகவே கூடுதல் செலவு என்ற சாக்கு நிற்காது. எல்லாப் பதிப்பிலும் வேண்டுமா, சென்னைப் பதிப்பு மட்டும் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; கட்டணம் அதைப் பொறுத்து மாறும். இறப்புச் சான்றிதழ் அன்றே கிடைக்காது. வீட்டில் இறந்திருந்தால் மருத்துவர் கொடுக்கும் சான்றும், விளம்பரம் கொடுப்பவரின் அடையாள அட்டையும் கேட்பார்கள்.

‘நேற்று’, ‘இன்று’ இரண்டையும் எழுதும் நாளை வைத்து எழுதாதீர்கள். பத்திரிகை வெளியாகும் நாளை வைத்து எழுதுங்கள். பக்கத்தில் கிழமையைச் சேர்த்துவிட்டால் குழப்பமே இல்லை. முகவர் அனுப்பும் மெய்ப்பை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். முதலெழுத்தும் தொலைபேசி எண்ணும்தான் அதிகம் தப்பாகிற இடங்கள். இந்த முறையும் மெய்ப்பில் ‘மறைந்தார்’ என்பது பழக்கத்தில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று திரும்பி வந்திருந்தது. பார்த்ததால் மாற்ற முடிந்தது.

எல்லாருக்கும் வந்த மாதிரி

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு உண்டு. அன்று அங்கே இருந்த ஒரு பெரியவரே அதைச் சொன்னார். “ஊர்ல எல்லாருக்கும் எப்படி வருதோ, அப்படியே நம்ம அம்மாவுக்கும் வரட்டுமே. நமக்கு மட்டும் எதுக்கு வேற மாதிரி?”

இதை லேசாக ஒதுக்கக் கூடாது. பேப்பரில் படம் வருவதே எட்டாத காரியமாக இருந்தவர்களுக்கு, அந்தக் கட்டமும் ‘அன்னாரது’வும் ‘அவர்கள்’ என்ற மரியாதையும் சமத்துவத்தின் அடையாளம். பேரைச் சொல்லி ஒருமையில் கூப்பிடப்பட்டே வாழ்ந்தவருக்கு ‘திருமதி’யும் ‘அவர்களும்’ வெற்றுச் சொல் இல்லை. மேட்டுக்குடிக்காரர் வாய்பாட்டை வெறுப்பது எளிது. அது அவருக்கு எப்போதும் கிடைத்துவந்தது. ஆகவே வாய்பாடு முழுவதையும் உடைத்துப் போட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கட்டம் இருக்கட்டும், படம் இருக்கட்டும், ‘திருமதி’ இருக்கட்டும். குடும்பம் விரும்பினால் மேலே ‘கண்ணீர் அஞ்சலி’யும் இருக்கட்டும். உள்ளே இரண்டு வரி மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும். பெரியவரிடம் இதைத்தான் சொன்னோம். அவர் ‘கல்குவாரி’ என்று போடுவது அசிங்கம் இல்லையா என்று கேட்டார். பந்தலில் இருந்த ஒருவர், “நான்தான் அந்தக் குவாரிப் பையன், எனக்கு அசிங்கம் இல்ல” என்றதும் பேச்சு முடிந்தது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை அந்தக் குவாரிப் பையனுக்குத்தான் உண்டு. அவர் அங்கே இல்லாவிட்டால் அந்த வரியை நாம் எழுதியிருக்கக் கூடாது.

எல்லாச் சாவிலும் ஒரு பகல் அவகாசம் கிடைக்காது. மாலையில் இறந்து மறுநாள் காலையில் எடுப்பதானால் பத்திரிகைக்கே நேரமிருக்காது. வாட்ஸப்பிலும் சுவரொட்டியிலும்தான் செய்தி போகும். அப்போது பெயர், ஊரார் அழைத்த பெயர், நேரம், இடம் ஆகிய நான்கையும் தப்பில்லாமல் போட்டால் போதும். நிதானமாக எழுத வேண்டியதைப் பதினாறாம் நாள் அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பத்துப் பேரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு முடித்துவிடலாம்.